ஜெரி கேன் ஒன்று: பிளாக்-அவுட்டிலிருந்து டெக்ஸ்சர் வரை

விளிம்புக்கோடு · மார்ச் 4, இரவு 9.10

போர்ட்ஃபோலியோவுக்காக 20 லிட்டர் இரும்பு ஜெரி கேன் ஒன்றை 3டி மாடலாகச் செய்து முடித்தேன். விளையாட்டில் வைக்கிற அளவுக்கு இலகுவாக, ஒரே மெட்டீரியல், ஒரே 2048 டெக்ஸ்சர். துறையில் இருக்கும் ஒருவரிடம் காட்டியபோது இரண்டே விஷயம் சொன்னார். ஒன்று, இரும்பு மாதிரி இல்லை, பெயின்ட் அடித்த பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறது. இரண்டு, தட்டையான பக்கத்தில் புகை படிந்த மாதிரி ஒரு நிழல் ஓடுகிறது. எனக்கு டெக்ஸ்சர் போதவில்லை என்றுதான் தோன்றுகிறது. துருவையும் கீறலையும் இன்னும் நன்றாக வரைந்தால் சரியாகிவிடுமா? உங்கள் கருத்து வேண்டும்.

செய்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். உயரம் 47, அகலம் 35, கனம் 16.5 சென்டிமீட்டர் என்று எடுத்துக்கொண்டேன். முதலில் பிளாக்-அவுட்: பிளெண்டரில் ஒரு பெட்டி, மேலே மூன்று கைப்பிடி, சாய்வாக ஒரு வாய், அதன் மேல் நெம்புகோல் மூடி. பக்கத்தில் 180 சென்டிமீட்டர் மனித உருவம் ஒன்றை நிற்க வைத்து அளவு பார்த்தேன். அப்புறம் ஹைபாலி: இரண்டு பெரிய பக்கங்களிலும் அந்தப் பெருக்கல் குறிப் பள்ளம், நடுவில் ஓடும் பற்றவைப்புக் கோடு, மூடியின் சிறு ஆணிகள். அதற்குப் பிறகு லோபாலி, யூவி, பேக், சப்ஸ்டன்ஸ் பெயின்டர். பச்சை பெயின்ட், விளிம்பெல்லாம் தேய்மானம், கொஞ்சம் துரு.

விளிம்புக்கோடு · மார்ச் 4, இரவு 9.35

சொல்ல மறந்தது: லோபாலி 3,100 முக்கோணம். கைப்பிடிகளுக்கும் மூடிக்கும் மட்டுமே பாதிக்கு மேல் போய்விட்டது. அவைதான் வெளிக்கோட்டில் தெரிகின்றன என்பதால் அதில் வருத்தம் இல்லை.

செங்கல்தூள் · மார்ச் 5, காலை 7.50

2048 எல்லாம் போதாது. போர்ட்ஃபோலியோ என்றால் 4096 வையுங்கள், பெரிதாக்கிப் பார்ப்பார்கள். அந்தப் புகை நிழலும் டெக்ஸ்சர் நெருக்கம் போதாததால் வருவதுதான். எனக்கும் வந்திருக்கிறது, பெரிதாக்கியதும் குறைந்தது.

பழையபட்டறை · மார்ச் 5, மதியம் 1.20

தம்பி, துருவை விடுங்கள். எல்லா டெக்ஸ்சரையும் கழற்றிவிட்டு, நார்மல் மேப்பை மட்டும் வைத்து, ஒரே சாம்பல் நிறம், ரஃப்னஸ் 0.3 என்று கொடுத்துப் பாருங்கள். ஒரு விளக்கைச் சுற்றிச் சுற்றி நகர்த்துங்கள். புகை அப்போதும் தெரிந்தால் அது வரைந்ததில் இல்லை, பேக்கில் இருக்கிறது. அப்புறம் பேசலாம்.

விளிம்புக்கோடு · மார்ச் 5, இரவு 10.05

கழற்றிப் பார்த்தேன். தெரிகிறது, முன்னைவிட மோசமாக. பெரிய பக்கத்தின் நடுவில் வெளிச்சம், ஓரத்துக்குப் போகப் போக இருட்டு. தட்டையான தகடு தலையணை மாதிரி உப்பித் தெரிகிறது. இத்தனை நாள் அதன் மேல் அழுக்கைப் போட்டு மூடியிருக்கிறேன்.

நார்மல் மேப்பையே திறந்து பார்த்தபோது காரணம் கண்ணிலேயே தெரிந்தது. தட்டையான இடம் ஒரே ஊதா நிறமாக இருக்க வேண்டும். என்னுடையதில் ஓரங்களில் இளஞ்சிவப்பும் பச்சையும் மெல்ல மெல்ல மாறி ஓடுகின்றன.

பழையபட்டறை · மார்ச் 6, காலை 8.15

எதிர்பார்த்ததுதான். மொத்த கேனுக்கும் Shade Smooth போட்டு விட்டுவிட்டீர்கள், இல்லையா? 90 பாகைத் திருப்பம் உள்ள மூலையில் ஒரே ஒரு நார்மல் இருந்தால் அது குறுக்காக 45 பாகையில் நிற்கும். அந்தப் பெரிய முகம் முழுக்க வெளிச்சக் கணக்கு வளைந்துதான் வரும். பேக் செய்யும்போது மென்பொருள் அந்த வளைவை நார்மல் மேப்பை வைத்து நிமிர்த்தப் பார்க்கிறது. நீங்கள் பார்த்த நிற ஓட்டம் அந்த நிமிர்த்தல்தான். பெயின்டரில் பார்க்கும்போது பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். எஞ்சினில் டெக்ஸ்சர் சுருக்கப்படும்போதும், தூரத்தில் சிறிய பிரதி வரும்போதும் நிமிராத மிச்சம் புகையாகத் தெரியும்.

4096 வைத்தாலும் இதே புகைதான், கூடுதல் பிக்சலில். செங்கல்தூளுக்கு அது குறைந்த மாதிரித் தெரிந்தது சுருக்கத்தின் கட்டம் சிறிதானதால் இருக்கலாம். காரணம் அப்படியேதான் இருந்திருக்கும்.

விளிம்புக்கோடு · மார்ச் 7, இரவு 11.40

இரண்டு நாள் இதிலேயே போனது. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், ஏனென்றால் முதலில் செய்தது பாதிதான் சரி.

முதல் முயற்சியில் கேனின் கூர்மையான ஓரங்களை எல்லாம் ஹார்ட் எட்ஜ் ஆக்கினேன். மறுபடி பேக். முகங்களில் புகை போய்விட்டது, ஊதா ஒரே சீராக வந்தது. ஆனால் ஓரங்களில் முடி இழை அளவுக்குக் கறுப்புக் கோடு. கேஜைப் பெரிதாக்கினேன், சிறிதாக்கினேன், ஒரு மணி நேரம் போனது. கேஜில் ஒன்றும் இல்லை. ஹார்ட் எட்ஜ் வைத்த இடத்தில் யூவியை வெட்டவில்லை. ஒரே தீவுக்குள் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் இரண்டு வேறு வேறு நார்மலைக் கணக்கில் கொள்ள வேண்டியிருக்கிறது, நடுவில் இருக்கும் பிக்சல் இரண்டுக்கும் கலவையாகி எதற்கும் பொருந்தாமல் போகிறது. ஓரங்களில் யூவியை வெட்டித் தீவுகளைக் கொஞ்சம் தள்ளி வைத்ததும் கோடு போய்விட்டது.

இரண்டாவது சிக்கல் மூடியின் ஆணிகள். நேராக இருக்க வேண்டியவை ஓரத்தை நோக்கிச் சாய்ந்து, யாரோ விரலால் தள்ளிவிட்ட மாதிரி பேக் ஆகின. பேக் கதிர்கள் லோபாலியின் சராசரி நார்மல் திசையில் கிளம்புகின்றன. மூடியின் ஓரத்தில் அந்தத் திசை சாய்ந்திருப்பதால் ஆணியைப் பக்கவாட்டில் பார்த்துப் படம் எடுக்கின்றன. மூடியின் மேல்முகத்தில் ஓரத்துக்குச் சற்று உள்ளே ஒரு சுற்று விளிம்பு சேர்த்தேன். உள்ளே இருக்கும் பகுதியின் நார்மல் நேராகிவிட்டது, ஆணிகளும் நிமிர்ந்துவிட்டன. கூடுதலாக 16 முக்கோணம் ஆனது, தாராளமாகக் கொடுக்கலாம்.

மூன்றாவதாக, உடம்பின் நான்கு நீண்ட மூலைகளுக்கு மட்டும் ஹார்ட் எட்ஜை எடுத்துவிட்டு, ஒரு வரிசை பெவல் போட்டு வெயிட்டட் நார்மல் வைத்துப் பார்த்தேன். பெரிய முகத்தின் நார்மல் முகத்துக்கே நேராக நிற்கிறது, வளைவெல்லாம் அந்தச் சிறு பெவலுக்குள் அடங்கிவிடுகிறது. அங்கே யூவியை வெட்டவும் வேண்டியதில்லை. பெயின்ட் உரிந்த கோடு மூலையைத் தாண்டி ஓடும்போது இடையில் தையல் தெரியாது என்பதால் இதையே வைத்துக்கொண்டேன்.

செங்கல்தூள் · மார்ச் 8, காலை 8.30

அப்படியென்றால் சட்டம் எளிது. எங்கே யூவி வெட்டு இருக்கிறதோ அங்கெல்லாம் ஹார்ட் எட்ஜ். நான் பிளெண்டரில் யூவி தீவுகளின் ஓரத்தை எல்லாம் ஒரே தட்டில் ஷார்ப் ஆக்கிவிடுவேன்.

பழையபட்டறை · மார்ச் 8, காலை 9.05

தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள். ஹார்ட் எட்ஜ் இருந்தால் யூவி வெட்டு கட்டாயம். யூவி வெட்டு இருந்தால் ஹார்ட் எட்ஜ் கட்டாயம் இல்லை. கைப்பிடி ஒரு குழாய். அதைப் பிரித்து விரிக்க நீளவாக்கில் ஒரு வெட்டு வேண்டும். அங்கே போய் ஹார்ட் எட்ஜ் வைத்தால் வழவழப்பான குழாயில் கத்தியால் கீறிய மாதிரி ஒரு கோடு தெரியும். பெட்டி போன்ற பொருளில் உங்கள் தட்டு வேலை செய்யும், அதனால்தான் இதுவரை மாட்டிக்கொள்ளவில்லை.

இன்னொன்று. பெவல் போட்டால் கனம் கூடும் என்று பயப்படுகிறவர்களுக்காக. ஒரு கனசதுரத்துக்கு 8 முனை. எல்லா ஓரமும் ஹார்ட் என்றால் ஒவ்வொரு மூலையிலும் மூன்று நார்மல் வேண்டும், ஆகவே கிராபிக்ஸ் கார்டு பார்ப்பது 24 முனை. அதே கனசதுரத்துக்கு ஒரு வரிசை பெவல் போட்டு மென்மையாக விட்டாலும் 24 முனைதான். முக்கோணம் கூடும், முனை கூடாது. யூவி வெட்டுகள் தனிக் கணக்கு.

மரப்பெட்டி · மார்ச் 8, மாலை 5.45

என்னுடையது மரப்பெட்டி, கேன் இல்லை, ஆனாலும் ஓரக் கோடு என்றதும் எழுதுகிறேன். கிட்டே நன்றாக இருக்கும், பத்தடி தள்ளிப் போனதும் ஓரமெல்லாம் கறுப்புக் கோடு வரும். அதுவும் ஹார்ட் எட்ஜ் பிரச்சினைதானா? மூன்று தடவை பேக் செய்துவிட்டேன், போகவில்லை.

விளிம்புக்கோடு · மார்ச் 8, இரவு 9.20

மரப்பெட்டி, தூரத்தில் மட்டும் வருகிறது என்றால் அது வேறு. தீவுகளுக்கு நடுவே இடைவெளி எத்தனை பிக்சல் வைத்தீர்கள்? தூரம் போகப் போக எஞ்சின் டெக்ஸ்சரின் பாதி அளவு, கால் அளவு பிரதிகளை எடுத்துக்கொள்கிறது. 4 பிக்சல் இடைவெளி இரண்டாவது பிரதியிலேயே 1 பிக்சல் ஆகிவிடும், அதற்கு மேல் பின்னணி நிறம் உள்ளே கசிகிறது. நான் 2048க்கு 16 பிக்சல் வைத்தேன், நான்காவது பிரதி வரை தாங்கும். தீவின் நிறத்தை அந்த இடைவெளி முழுக்கப் பரப்பி ஏற்றுமதி செய்ய வேண்டும். பின்னணி கறுப்பாகவே இருந்தால் இடைவெளி எவ்வளவு பெரிதானாலும் பயன் இல்லை.

மரப்பெட்டி · மார்ச் 9, காலை 7.10

2 பிக்சல் வைத்திருக்கிறேன், பின்னணி கறுப்பு. நன்றி. தீவுகளை மறுபடி அடுக்கப் போகிறேன்.

விளிம்புக்கோடு · மார்ச் 9, இரவு 10.50

இப்போது பிளாஸ்டிக் விஷயத்துக்கு வருகிறேன். புகை போன பிறகும் கேன் பொம்மை மாதிரிதான் இருந்தது. மறுபடியும் டெக்ஸ்சரைக் குறை சொல்ல இருந்தேன். அதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன், அது என் எண்ணத்தை மாற்றிவிட்டது.

1080 பிக்சல் உயரத் திரை, கேமராவின் செங்குத்துப் பார்வைக் கோணம் 60 பாகை என்று வைத்துக்கொள்வோம். 3 மீட்டர் தள்ளி நின்றால் திரையில் அடங்கும் உயரம் ஏறக்குறைய 3.46 மீட்டர். அதாவது ஒரு மீட்டருக்கு 312 பிக்சல். 47 சென்டிமீட்டர் கேன் 147 பிக்சல் உயரத்துக்குத்தான் தெரியும். ஹைபாலியில் நான் கேன் மூலைக்கு வைத்த வளைவு, அசல் தகட்டைப் பார்த்துப் பார்த்து 2 மில்லிமீட்டர். அது திரையில் 0.6 பிக்சல். ஒரு பிக்சல்கூட இல்லாத இடத்தில் வெளிச்சம் எப்படி மின்னும்? ஓரத்தில் ஒளிக்கோடு வராததால்தான் தகடு மடிந்த உணர்வே இல்லை. நான் அங்கே தேய்மானத்தை வெள்ளையாகத் தீட்டி அந்த ஒளிக்கோட்டைப் பொய்யாக வரைந்திருக்கிறேன். பொம்மை மாதிரித் தெரிந்தது அதனால்தான்.

ஹைபாலிக்குத் திரும்பிப் போய் மூலைகளை 6 மில்லிமீட்டர் ஆக்கினேன். கிட்டே வைத்துப் பார்த்தால் கொஞ்சம் தடிப்பாகத் தெரிகிறது. 3 மீட்டரில் ஏறக்குறைய 2 பிக்சல், விளக்கு நகரும்போது ஓரம் மெல்லியதாக ஒளிர்ந்து மறைகிறது. ஒரு துளி டெக்ஸ்சர்கூடப் போடாமல் இரும்பாகத் தெரிந்தது. மார்ச் 4ஆம் தேதி எழுதிய கேள்விக்கு என் பதில் இப்போது இதுதான்: கோளாறு டெக்ஸ்சரில் இல்லை, மூலையின் வளைவு எவ்வளவு என்று பிளாக்-அவுட்டிலேயே நான் யோசிக்காததில் இருந்தது. மனித உருவத்தை வைத்து உயரம் பார்த்தேன், ஆட்டக்காரர் நிற்கிற தூரத்திலிருந்து ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

விளிம்புக்கோடு · மார்ச் 9, இரவு 11.15

அதே கணக்கு 4096 பேச்சுக்கும் பதில் சொல்கிறது. கேனின் மொத்தப் பரப்பு கைப்பிடி எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 7,000 சதுர சென்டிமீட்டர். டெக்ஸ்சரில் 70 சதவீதம் நிரம்பினால், 2048இல் ஒரு சென்டிமீட்டருக்கு 20 பிக்சல் கிடைக்கிறது. திரையில் அந்த நெருக்கம் தேவைப்பட வேண்டுமென்றால் கேமரா 46 சென்டிமீட்டர் வரை கிட்டே போக வேண்டும். 4096 என்றால் 23 சென்டிமீட்டர். தரையில் கிடக்கும் கேனுக்கு அவ்வளவு கிட்டே யார் குனிவார்கள்?

செங்கல்தூள் · மார்ச் 10, காலை 8.00

விளையாட்டில் சரி. ஆனால் உங்கள் பக்கத்தைப் பார்க்கிறவர் முழுத் திரையில் கிட்டே வைத்த படத்தைத்தான் பார்ப்பார். பெரிய திரையில் கேன் 1,800 பிக்சல் உயரம் இருக்கும். 2048 அங்கே மங்கும்.

பழையபட்டறை · மார்ச் 10, மதியம் 12.40

இதில் செங்கல்தூள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 4096இல் வரைந்து 2048இல் ஏற்றுமதி செய்வது பலரும் செய்வதுதான். ஆனால் 'விளையாட்டுக்குத் தயார்' என்று எழுதிவிட்டு 4096இல் படம் எடுத்துக் காட்டக் கூடாது. எதில் எடுத்தீர்களோ அதைப் படத்தின் கீழேயே எழுதிவிடுங்கள். அவ்வளவு கிட்டே இருந்து எடுத்த படம் ஒன்றே ஒன்று போதும். நான் ஆள் தேர்வில் உட்கார்ந்தபோது முதலில் தேடியது வயர்ஃபிரேமும் யூவியும்தான்.

விளிம்புக்கோடு · மார்ச் 11, காலை 6.50

மார்ச் 7 குறிப்பில் ஒரு திருத்தம். புகை முழுக்கப் போய்விட்டது என்று எழுதினேன், பெயின்டரில் போய்விட்டது. நேற்று அன்ரியலில் ஏற்றியதும் கேனின் தோள்பட்டையில், வாய்க்குப் பக்கத்தில், குறுக்கே ஒரு மெல்லிய மடிப்பு. வயர்ஃபிரேமில் அந்த இடத்தில் கோடே இல்லை, வெறும் நாற்கரம்.

அந்த நாற்கரம் முழுத் தட்டை இல்லை, லேசாக முறுக்கியிருக்கிறது. அதை இரண்டு முக்கோணமாகப் பிரிக்க இரண்டு வழி உண்டு. பெயின்டர் ஒரு மூலைவிட்டத்தில் வெட்டிப் பேக் செய்திருக்கிறது, எஞ்சின் இன்னொன்றில் வெட்டியிருக்கிறது. பேக்குக்கு முன்பே பிளெண்டரில் முக்கோணமாக்கிவிட்டு, பெயின்டருக்கும் எஞ்சினுக்கும் அந்த ஒரே கோப்பைக் கொடுத்ததும் மடிப்பு போய்விட்டது. மாடலில் இல்லாத கோடு நிழலில் மட்டும் தெரிந்தால் இனி முதலில் இதைத்தான் சந்தேகப்படுவேன்.

விளிம்புக்கோடு · மார்ச் 12, இரவு 9.30

டெக்ஸ்சரைப் புதிதாக ஆரம்பித்தேன். பழைய அடுக்குகளை எல்லாம் எடுத்துவிட்டேன், ஏனென்றால் அதில் எல்லா விளிம்பும் ஒரே அளவில் தேய்ந்திருந்தது. ஜெனரேட்டர் கொடுத்ததை அப்படியே விட்டிருந்தேன்.

இந்தத் தடவை பழைய கேன் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் வெறுமனே பார்த்தேன். மூன்று கைப்பிடியில் நடுவில் உள்ளதுதான் அதிகம் வழவழப்பாகியிருக்கிறது. ஒரு ஆள் ஒற்றைக் கேனைத் தூக்கினால் நடுவைப் பிடிப்பார். இரண்டு பேர் தூக்கினால்தான் வெளிக் கைப்பிடிகள், அல்லது ஒரே கையில் இரண்டு காலிக் கேனைச் சேர்த்துப் பிடிக்கும்போது. தேய்ந்திருப்பது கைப்பிடியின் மேலே இல்லை, விரல் மடிகிற அடிப்பக்கம். அங்கே பெயின்ட் உரியக்கூட இல்லை, வெறுமனே பளபளக்கிறது. அதாவது நிறம் மாறவில்லை, ரஃப்னஸ் மட்டும் இறங்கியிருக்கிறது.

பெரிய பக்கங்களில் உரசல் எல்லாம் பள்ளத்தைச் சுற்றியிருக்கும் மேட்டில்தான். கேன்களை நெருக்கி அடுக்கும்போது ஒன்றை ஒன்று தொடுவது அந்த மேடு மட்டும். பள்ளத்துக்குள் பெயின்ட் புதிதாக இருக்கிறது, தூசி மட்டும் படிந்திருக்கிறது. அடி விளிம்பில் பெயின்டே இல்லை.

உரிந்த ஒரு இடத்தை விரல் நகத்தளவு பெரிதாக்கிப் பார்த்தபடியே வரைந்தேன். வெளியே பச்சை. அதன் ஓரம் கத்தரித்த மாதிரி கூர்மையாக, ஒரு மயிரிழை உயரம் கொண்டது. அதற்கு உள்ளே செம்பழுப்பில் அடிப்பூச்சு, ஒழுங்கில்லாத ஒரு வளையமாக. அதற்கும் உள்ளே இரும்பு. புதுக் கீறலில் அது வெளிறிய சாம்பல், பழையதில் கரும்பழுப்புத் துரு, துருவிலிருந்து கீழ்நோக்கி மட்டும் மெல்லிய கறை வழிந்திருக்கிறது. முன்பு நான் பச்சையிலிருந்து நேராக வெள்ளி நிறத்துக்குப் போயிருந்தேன், இடையில் எதுவுமே இல்லை.

கடைசியாக, வாயிலிருந்து எரிபொருள் வழிந்த தடம். அது கறையாக இருக்கும் என்று நினைத்து இருட்டாக வரைந்திருந்தேன். அசலில் வழிந்த இடத்தில் தூசி கழுவப்பட்டுப் பெயின்ட் சுற்றியிருப்பதைவிடச் சுத்தமாக, கொஞ்சம் பளபளப்பாகத் தெரிகிறது. தடத்தின் இரு கரையிலும்தான் அழுக்கு ஒதுங்கிக் கோடாக நிற்கிறது.

பழையபட்டறை · மார்ச் 13, காலை 8.20

கழுவிய தடம் நல்ல கவனிப்பு. ஒன்று கேட்கிறேன், மெட்டாலிக் எப்படிக் கொடுத்தீர்கள்?

விளிம்புக்கோடு · மார்ச் 13, காலை 8.55

முதல் பதிப்பில் கேன் முழுக்க 1. பொருள் இரும்பு என்பதால் அப்படிக் கொடுத்தேன். பச்சை பெயின்ட் கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கும் பந்து மாதிரி மின்னியது, அதை அடக்க ரஃப்னஸை ஏற்றிக்கொண்டே போனேன். இப்போது பெயின்ட் 0, அடிப்பூச்சு 0, துரு 0. தேய்ந்து வெறுமையான இரும்பு மட்டும் 1. வெளிச்சம் படுவது மேலே இருக்கும் படலத்தில்தானே, அடியில் என்ன இருந்தால் என்ன.

ஆனால் எஞ்சினில் ஏற்றியதும் மறுபடி எல்லாம் ஈரமாக இருக்கிற மாதிரி மின்னுகிறது. பெயின்டரில் மங்கலாக, சரியாக இருக்கிறது. இதற்குக் காரணம் பிடிபடவில்லை.

பழையபட்டறை · மார்ச் 13, காலை 9.10

ஏஓ, ரஃப்னஸ், மெட்டாலிக் மூன்றையும் ஒரே படத்தின் மூன்று சேனலில் அடைத்திருப்பீர்கள். எஞ்சினில் அந்தப் படத்துக்கு sRGB குறி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் எண்ணை நிறம் என்று நினைத்து மாற்றிவிடும், 0.5 என்று வரைந்த ரஃப்னஸ் 0.21 ஆகிப் போகும். அந்த ஈரம் அதுதான்.

விளிம்புக்கோடு · மார்ச் 13, இரவு 8.00

அதேதான். குறியை எடுத்ததும் சரியாகிவிட்டது.

கூடவே பெருக்கல் குறிப் பள்ளம் மேடாகத் தெரிந்ததையும் பிடித்துவிட்டேன். மேலே விளக்கு இருக்கும்போது பள்ளத்தின் கீழ்ச் சரிவுதான் ஒளிர வேண்டும், எனக்கு மேல் சரிவு ஒளிர்ந்தது. ஓப்பன்ஜிஎல் முறையில் ஏற்றுமதி செய்திருந்தேன், அன்ரியல் டைரக்ட்எக்ஸ் முறையை எதிர்பார்க்கிறது. பச்சைச் சேனலைத் திருப்பியதும் பள்ளம் பள்ளமானது.

விளிம்புக்கோடு · மார்ச் 15, மாலை 6.30

மூடியின் நெம்புகோலைத் திறக்கிற அசைவு ஒன்று செய்து பார்த்தேன். திறந்ததும் அடியில், நெம்புகோலின் வடிவத்திலேயே ஒரு கறுப்பு நிழல் கழுத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. மூடிய நிலையில் ஏஓ பேக் செய்ததால் வந்தது. பாகங்களின் பெயரை இப்படிப் பிரித்தேன்:

```
can_body_low     can_body_high
can_lever_low    can_lever_high
```

பெயர் வைத்துப் பொருத்தும் வகையில் பேக் செய்து, ஏஓவுக்கும் ஒரே பெயருள்ள பாகம் மட்டும் நிழல் தரட்டும் என்று சொல்லிவிட்டால் நெம்புகோல் கழுத்தில் நிழல் விழுத்தாது. கைப்பிடிகள் அசையாதவை, அவற்றின் நிழல் தோள்பட்டையில் விழத்தான் வேண்டும். அதனால் அவற்றைத் தனிப் பெயரில் வைக்காமல் body-யிலேயே சேர்த்துவிட்டேன்.

செங்கல்தூள் · மார்ச் 16, காலை 9.40

ஒரு சந்தேகம். அந்தப் பெருக்கல் குறிப் பள்ளத்தை லோபாலியில் எதற்கு வெட்டினீர்கள்? வயர்ஃபிரேமில் பார்த்தேன். நார்மல் மேப்பே போதுமே, 200 முக்கோணமாவது மிச்சம்.

விளிம்புக்கோடு · மார்ச் 16, இரவு 10.15

இரண்டு விதமும் செய்து பார்த்தேன். நேராகப் பார்த்தால் வித்தியாசம் தெரியவில்லை. கேனைச் சாய்வாக, பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது நார்மல் மேப் பள்ளம் தட்டையான தகட்டில் அச்சிட்ட படம் மாதிரி ஆகிவிடுகிறது. 8 மில்லிமீட்டர் ஆழம், முன் சரிவு பின் சரிவை மறைக்க வேண்டும், அது நடக்கவில்லை. அதனால் வெட்டினேன். பற்றவைப்புக் கோடும் ஆணிகளும் நார்மல் மேப்பில்தான்.

பழையபட்டறை · மார்ச் 17, காலை 8.30

நான் இதில் செங்கல்தூள் பக்கம். தரையில் பத்துக் கேன் சிதறிக் கிடக்கும் காட்சி என்றால் 8 மில்லிமீட்டர் யாருக்கும் தெரியாது. எண்ணிக்கையும் எனக்குப் பெரிதில்லை. உங்கள் பள்ளத்தின் சரிவுகளில் நீள நீளமான ஊசி முக்கோணங்கள் இருக்கின்றன. கார்டு பிக்சல்களை நான்கு நான்காகத்தான் நிரப்பும், ஊசி முக்கோணத்தில் அந்த நான்கில் பாதி வீணாகும். தூரத்தில் காட்ட அடுத்த நிலை மாடல் ஒன்று செய்து அதில் பள்ளத்தை எடுத்துவிடுங்கள். கிட்டே இருக்கும்போது இருக்கட்டும்.

விளிம்புக்கோடு · மார்ச் 18, இரவு 9.05

தூர மாடல் செய்துவிட்டேன், 900 முக்கோணம், பள்ளம் இல்லை. அதே டெக்ஸ்சரைத்தான் இரண்டும் பயன்படுத்துகின்றன. கிட்டே இருக்கும் மாடலில் பள்ளம் உண்மையிலேயே வெட்டியிருப்பதால் நார்மல் மேப்பில் சரிவு பாதிதான் பதிவாகியிருக்கிறது. ஆகவே தூர மாடலில் பள்ளம் ரொம்ப மெலிதாகத் தெரிகிறது. மாறும் நேரத்தில் ஒரு துள்ளல் கண்ணில் படுகிறது, 6 மீட்டரில் மாற்றினால் தெரிகிறது, 10 மீட்டரில் தெரியவில்லை. 10 வைத்திருக்கிறேன். தூர மாடலுக்குத் தனி நார்மல் மேப் பேக் செய்வதா, முதல் மாடலிலேயே பள்ளத்தை எடுத்துவிடுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

பக்கத்தில் வைக்கும் படங்களை மாற்றிவிட்டேன். முதலில் 3 மீட்டரிலிருந்து எடுத்தது. அடுத்து வயர்ஃபிரேமும் யூவியும். மூன்றாவதாக டெக்ஸ்சர் இல்லாத சாம்பல் கேன் இரண்டு அருகருகே, ஒன்றில் மூலை 2 மில்லிமீட்டர், இன்னொன்றில் 6. துருவும் கீறலும் அதற்குப் பிறகுதான் வருகின்றன.